ஒருவரைக் காக்க எத்தனை பேர்?



கேமரன் மலைத் தோட்டங்களிலிருந்து கம்போங் ராஜாவுக்கு வந்திருக்கும் மருத்துவ உதவியாளர்களும் தாதியருமான உங்களோடு சேர்ந்து ஒரே ஓர் ஆய்வின் சுருக்கத்தை இன்று படிக்க விரும்புகிறேன். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு அது. சர்க்கரை இயல்பைவிடக் கூடியும் இனிப்பு நீர் என்று சொல்லும் எல்லையை எட்டாதவர்கள் 531 பேர் அதில் சேர்ந்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில், மூன்றாண்டுக் கணக்கில் நூற்றுக்கு 55.0 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்ட குழுவில் 39.3 பேருக்கு வந்தது.

இரண்டாம் எண்ணை முதலாவதால் வகுத்தால் 0.715. இது ஒப்பீட்டு அபாயம். அதாவது ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஆட்ஸ் என்பது வேறு கணக்கு. நோய் வந்தவர்களை வராதவர்களால் வகுக்க வேண்டும். 55க்கு 45 என்றால் 1.22, 39.3க்கு 60.7 என்றால் 0.65. இவற்றின் விகிதம் 0.53. இதைப் பார்த்து "ஆபத்து ஏறக்குறைய பாதியாகிவிட்டது" என்று எழுதுபவர்களைக் கண்டிருக்கிறேன். அது தவறு. நோய் அரிதாக இருந்தால் இரண்டு விகிதங்களும் நெருங்கியிருக்கும். பாதிப்பேருக்கு வரும் நோயில் ஆட்ஸ் விகிதம் பலனைப் பெரிதாக்கிக் காட்டும்.

இனி நேரடி வித்தியாசம்: 55.0இலிருந்து 39.3 போனால் 15.7. நூறை அதனால் வகுத்தால் 6.4. ஏறக்குறைய ஏழு பேர் மூன்றாண்டு பழக்கத்தை மாற்றினால் ஒருவர் தப்புகிறார். அந்த 'மூன்றாண்டு' என்ற சொல்லை விட்டுவிட்டால் எண்ணுக்குப் பொருளே இல்லை.

2002இல் வந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வை இதன் பக்கத்தில் வையுங்கள். அங்கே பழக்கத்தை மாற்றிக்கொண்ட குழுவில் மூன்றாண்டு ஆபத்து 28.9 விழுக்காட்டிலிருந்து 14.4 ஆனது. ஆபத்து பாதியாகக் குறைந்தது. ஆண்டு வீதத்தில் கணக்கிட்டு 58 விழுக்காடு என்று அறிவித்தார்கள். சென்னையின் 28.5 அதன் முன் சிறிதாகத் தெரிகிறது. ஆனால் அமெரிக்காவில் ஒருவரைக் காக்கத் தேவைப்பட்டவர்கள் 6.9 பேர், சென்னையைவிடச் சற்று அதிகம். சென்னைக் குழுவின் அடிப்படை ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்ததே காரணம். சிறிய விழுக்காட்டுக் குறைப்புகூட அதிகம் பேரைக் காத்தது.

அதற்காகச் சென்னையின் 6.4ஐ அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. இங்கே மூன்றாண்டு ஆபத்து 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அதே 0.715ஐப் பெருக்கினால் 14.3, வித்தியாசம் 5.7. ஒருவரைக் காக்கப் பதினெட்டுப் பேர் வேண்டும். ஒப்பீட்டு அபாயம் ஓரளவு ஊர்விட்டு ஊர் வரும். தேவைப்படும் எண்ணிக்கையை அந்தந்த ஊரின் ஆபத்தை வைத்தே கணக்கிட வேண்டும்.

இன்று கட்டுரை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்த விகிதத்தைச் சொல்வதற்கு முன்பும், இரு குழுக்களின் விழுக்காடுகளையும் ஆய்வு நடந்த காலத்தையும் முதலில் சொல்லுங்கள்.