மண்ணுக்கு மேலே உள்ள தங்கம்

தங்கத்தின் பொருளியலைப் பற்றிய இந்தக் கருத்தரங்கிற்கு என்னைத் தலைமை தாங்க அழைத்த துறைத் தலைவருக்கும், கட்டுரை வாசிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களுக்கும் நன்றி. தலைமை உரை நீண்டால் கட்டுரையாளரின் நேரம்தான் குறையும். எனவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். தங்கம் விலை ஏறும்போதெல்லாம், ‘சுரங்கத்தில் கூடுதலாக வெட்டினால் விலை இறங்கிவிடாதா?’ என்று கேட்கிறார்கள். இறங்காது. ஏன் என்பதுதான் என் பேச்சு.

உலகத் தங்கக் கவுன்சிலின் மதிப்பீட்டின்படி, 2024 முடிவில் மனிதர் இதுவரை வெட்டி எடுத்த தங்கம் சுமார் 2,16,000 டன். அத்தனையையும் உருக்கி ஒரே கட்டியாக வார்த்தால் ஒவ்வொரு பக்கமும் 22 மீட்டர் வரும். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் உயரம், அவ்வளவுதான். இதில் மூன்றில் இரண்டு பங்கு 1950-க்குப் பிறகு எடுக்கப்பட்டது.

இந்த எண்ணை யாரும் தராசில் வைத்து நிறுத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது ஆண்டுதோறும் எடுத்ததைக் கூட்டிப் போட்ட கணக்கு. பழங்காலத்துக்குப் போகப் போக ஊகம் கூடும். 1492-க்கு முன் எடுக்கப்பட்டது 12,780 டன் என்று ஒரு சாரார் வைத்துக்கொள்ள, ஜேம்ஸ் டர்க் என்ற ஆய்வாளர் 297 டன்தான் என்று வாதிட்டார். ஒன்றுக்கு நாற்பது மடங்கு வேறுபாடு! ஆனாலும் மொத்தக் கையிருப்பில் அது ஆறு விழுக்காட்டுக்கு மேல் போகாது. அதனால் நம் வாதம் எந்தக் கணக்கை எடுத்தாலும் நிற்கும்.

யாரிடம் இருக்கிறது? அரசுகளின் பெட்டகத்தில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்க அரசிடம் 8,133 டன், ஜெர்மனியிடம் சுமார் 3,350 டன், நம் ரிசர்வ் வங்கியிடம் 2024 முடிவில் 876 டன். எல்லா நாடுகளின் மைய வங்கிகளையும் பன்னாட்டுச் செலாவணி நிதியத்தையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 38,000 டன்னைத் தாண்டாது. ஐந்தில் ஒரு பங்குகூட நிறைவாக இல்லை. கிட்டத்தட்ட பாதி, அதாவது 97,000 டன், நகை. கட்டி, நாணயம், முதலீட்டு நிதிகள் எனச் சேமிப்பாக இருப்பது இன்னொரு 48,000 டன்னுக்கு மேல். இந்திய வீடுகளில் மட்டும் 25,000 டன் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அமெரிக்க அரசின் இருப்பைப் போல மூன்று மடங்கு, நம் வீட்டுப் பீரோக்களிலும் வங்கி லாக்கர்களிலும் அடகுக்கடைகளிலும் கிடக்கிறது.

இந்தப் பக்கம் இவ்வளவு இருக்க, சுரங்கங்கள் ஆண்டுக்குத் தருவது சுமார் 3,600 டன். இருப்பில் 1.7 விழுக்காடு. நெல்லும் கோதுமையும் விளைந்த ஆண்டிலேயே தின்று தீர்கின்றன. அங்கே இந்த ஆண்டின் விளைச்சல்தான் சந்தை. தங்கம் தீர்வதில்லை. பாட்டியின் அட்டிகையை அழித்துப் பேத்திக்கு ஆரம் செய்தால், பத்தர் பட்டறையில் போகும் சேதாரம் தவிர எடை அப்படியே இருக்கிறது. ஆகவே எல்லாச் சுரங்கங்களும் ஒரே ஆண்டில் உற்பத்தியை இரட்டிப்பாக்கினாலும் இருப்பு மூன்றரை விழுக்காடுகூடக் கூடாது. மாறாக, தங்கம் வைத்திருப்போர் நூறு சவரனுக்கு ஒன்றே முக்கால் சவரன் வீதம் விற்க முன்வந்தாலே உலகச் சுரங்கங்களின் ஓராண்டு உழைப்புக்கு ஈடாகிவிடும்.

சரி, விலை ஏறினால் சுரங்கக்காரர் கூடுதலாகவாவது எடுக்க மாட்டாரா? இங்கேதான் பாடநூல் சறுக்குகிறது. 1970-இல் ஓர் அவுன்ஸ் 35 டாலர் அளவில் இருந்தது. 1971-இல் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தது. 1980 ஜனவரியில் விலை 850 டாலரைத் தொட்டது. அதே பத்தாண்டில், உலகின் பெரும்பங்கைத் தந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவின் உற்பத்தி 1,000 டன்னிலிருந்து 675 டன்னுக்கு இறங்கியது!

காரணம் அரவை ஆலையில் இருக்கிறது. ஒரு சுரங்கத்தின் ஆலை நாளொன்றுக்கு 10,000 டன் பாறையை அரைக்கும் என்று வையுங்கள். டன்னுக்கு 13 கிராம் தங்கமுள்ள பாறையைப் போட்டால் கிடைப்பது 130 கிலோ. விலை குறைவாக இருந்தபோது அத்தகைய வளமான பாறையை வெட்டினால்தான் கூலிக்குக் கட்டும். விலை நான்கு மடங்கானதும், அதுவரை ஒதுக்கி வைத்த 7 கிராம் பாறையும் லாபம் தருகிறது. வளமான பாறையைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், சுரங்கத்தின் ஆயுளும் நீளும் என்று நிர்வாகம் அதைப் போடுகிறது. ஆலையோ அதே ஆலை. அரைப்பதும் அதே 10,000 டன்தான். எடுப்பது 70 கிலோவாகக் குறைகிறது, வருமானம் இரட்டிப்புக்கும் மேலாகிறது. உண்மையிலேயே அந்தப் பத்தாண்டில் தென்னாப்பிரிக்கப் பாறையின் சராசரி, டன்னுக்கு 13 கிராமிலிருந்து 7 கிராம் அளவுக்கு இறங்கியது. புதிய சுரங்கம் திறக்கலாமே என்றால், படிவத்தைக் கண்டுபிடித்து, துளையிட்டு அளந்து, அனுமதி பெற்று, முதல் கட்டியை வார்க்கப் பத்திலிருந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் விலை எங்கே நிற்குமோ, யார் கண்டது?

நமக்கு அருகிலேயே இருக்கும் கோலாரையும் பாருங்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் இறங்கி வெட்டிய சுரங்கம் அது. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கி, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்படும் வரை, சுமார் 120 ஆண்டுகளில் எடுத்தது ஏறக்குறைய 800 டன். ஆழம் போகப் போகச் செலவு ஏறியது, பாறையில் தங்கம் இளைத்தது. இன்று இந்தியா ஆண்டுக்கு 700, 800 டன் இறக்குமதி செய்கிறது. நான்கு தலைமுறைகள் உயிரைக் கொடுத்து எடுத்ததை நாம் சுமார் ஓராண்டில் வாங்கி உள்ளே வைத்துவிடுகிறோம். சுரங்கத்தின் எல்லையைக் காட்ட இதைவிட வேறு கணக்கு எனக்குத் தெரியவில்லை.

ஆக, விலையைத் தீர்மானிப்பவர் ஏற்கெனவே வைத்திருப்பவரே. அவரோ எளிதில் விற்பதில்லை. 2009-இல் உலகெங்கும் பழைய தங்கம் சுமார் 1,700 டன் சந்தைக்கு வந்தது. விலை அதைப் போல இரு மடங்குக்கும் மேல் ஏறிய 2024-இல் வந்தது 1,400 டன்னுக்கும் குறைவு. நம் ஊரில் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். பணமுடை வந்தால் விற்காமல் அடகு வைக்கிறார்கள். மறுபக்கம் மைய வங்கிகள் 2022 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் 1,000 டன்னுக்கு மேல் வாங்கிப் பூட்டின.

இன்று வாசிக்கப்படவிருக்கும் கட்டுரைகளில் சுரங்கத்தைப் பற்றியவையே மிகுதி என்று நிகழ்ச்சி நிரல் காட்டுகிறது. இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அடகுக்கடைக் கல்லாவிலிருந்து தொடங்குங்கள். எத்தனை நகை மீட்கப்படுகிறது, எத்தனை ஏலத்துக்குப் போகிறது, எத்தனை மறு அடகாக அங்கேயே தங்கிவிடுகிறது என்று ஒரே ஒரு வட்டத்திலாவது ஐந்து ஆண்டுகளுக்கு எண்ணிப் பாருங்கள். அந்தப் புள்ளிவிவரத்தோடு யாராவது வந்தால், முதல் அமர்வை அவருக்கே ஒதுக்கும்படி நானே அமைப்பாளர்களிடம் பரிந்துரைப்பேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.