அக்காவுக்கு நாலு சீட்டு
(எங்கள் குழு ஊக்குநர் அக்காவின் நினைவுக் கூட்டத்தில் பேசியது)



நான் பேச ஆரம்பிச்சா அழுதிடுவேன். அதனால நாலு சீட்டு எழுதிக்கிட்டு வந்திருக்கேன். ஒரு சீட்டுக்கு ஒரு விஷயம்தான். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற மாதிரி சின்னச் சின்ன வரியா, பெரிய எழுத்தில் எழுதியிருக்கேன். கண்ணு கலங்கினாலும் எழுத்து தெரியணும் இல்லையா?

வீட்டில் மூணு தடவை சத்தமா படிச்சுப் பார்த்தேன். மூணு தடவையும் ஒரே இடத்தில்தான் குரல் உடைஞ்சுது. அந்த இடம் மூணாவது சீட்டு. அதை மட்டும் நம்ம செயலாளர் படிப்பாங்க. மற்ற சீட்டுக்கும் ஒரு நகல் அவங்க கையில் இருக்கு. நான் நின்னுட்டா, விட்ட வரியிலிருந்து அவங்க தொடருவாங்க. யாரும் எழுந்து வந்து என்னைத் தேற்ற வேண்டாம். தேற்றினா இன்னும் அழுகை வரும்.

முதல் சீட்டு. அக்கா பத்து வருஷம் எங்க குழுவுக்கு ஊக்குநர். செவ்வாய்க்கிழமை கூட்டம் மூணு மணிக்குன்னா, ரெண்டே முக்காலுக்கே பாய் விரிச்சிருக்கும். ரொக்கப் புத்தகத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

இரண்டாவது சீட்டு. ஒரு வருஷம் நான் மூணு தவணை கட்டலை. கூட்டத்தில் அக்கா என் பேரை எடுக்கவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "சாப்பிட்டியாடி?" என்றாங்க. அப்புறம்தான் பாஸ் புத்தகத்தைக் கேட்டாங்க. ரெண்டு பேரும் உட்கார்ந்து, மாசம் எவ்வளவு என்னால் முடியும்னு கணக்குப் போட்டோம். ஏழு மாசத்தில் கட்டி முடிச்சேன்.

(இங்கே நிறுத்தி ஒரு மடக்கு தண்ணீர். சீட்டை செயலாளரிடம் கொடுக்கவும்.)

மூன்றாவது சீட்டு, செயலாளர் படித்தது. "ஆஸ்பத்திரியில் இருந்து அக்கா போன் பண்ணினாங்க. 'வந்து பார்த்துட்டுப் போடி' என்றாங்க. நாத்து நடவு நடக்குது, ஞாயிற்றுக்கிழமை வர்றேன்னு சொன்னேன். அக்கா சனிக்கிழமையே போயிட்டாங்க. நடவு ஒரு நாள் காத்திருக்கும். எனக்கு அது அப்போ தெரியலை. அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

நாலாவது சீட்டு. இதை நானே படிக்கிறேன். இதில் கணக்கு மட்டும்தான் இருக்கு, கணக்கைப் படிச்சா எனக்குக் குரல் நிக்கும். போன மாசம் சேமிப்பு பன்னிரண்டு பேரும் கட்டியாச்சு. தவணை பாக்கி யாருக்கும் இல்லை. ரொக்கப் புத்தகத்தை இப்போ நான் எழுதுறேன். ரெண்டு இடத்தில் அடிச்சுத் திருத்தியிருக்கேன். பழகிடுவேன் அக்கா.

எல்லாரும் எழுந்து நிற்போம். ஒரு நிமிஷம் அமைதியா இருப்போம்.

வணக்கம்.