ஸ்டிக் நகருது, குறி ஏன் நகரல?

ஷூட்டர் கேம்ல கன்ட்ரோலர் வெச்சு ஆடுறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கடுப்பு இது. எதிரியோட தலைக்கு ஒரு நூல் இடதுல குறி நிக்குது. ஸ்டிக்கை லேசா தள்ளுறோம், ஒண்ணும் நகரல. இன்னும் கொஞ்சம் தள்ளினா தலையைத் தாண்டிப் போயிடுது. சென்சிட்டிவிட்டியைக் குறைச்சுப் பார்த்தாலும் இது போகாது, ஏன்னா நிறைய நேரம் பிரச்சினை டெட் ஸோன்ல இருக்கு.

ஸ்டிக்கை விட்டா அது சரியா பூஜ்யத்துக்குத் திரும்பாது. உள்ளே இருக்கிற பொட்டென்ஷியோமீட்டரும் ஸ்பிரிங்கும் தேயத் தேய, நடுவை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் நிக்கும். அந்தச் சின்ன அசைவை கேம் கண்டுக்காம விடுறதுதான் டெட் ஸோன். விண்டோஸ்ல எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கான XInput ஹெடர் ஃபைலைத் திறந்து பாருங்க. XINPUT_GAMEPAD_RIGHT_THUMB_DEADZONE-க்கு மதிப்பு 8689. முழு வீச்சு 32767. அதாவது இந்த மதிப்பை அப்படியே எடுத்துக்கிற கேம்ல, வலது ஸ்டிக்கோட முதல் கால்வாசிப் பயணம் வீண்.

அதனால முதல்ல உங்க ஸ்டிக்கை அளந்துடுங்க. ஸ்டீமோட கன்ட்ரோலர் டெஸ்ட் பக்கம் மாதிரி, ஸ்டிக் மதிப்பு தெரியுற ஏதாவது ஒண்ணு போதும். ஸ்டிக்கை ஒவ்வொரு பக்கமும் தள்ளி, மெதுவா விடுங்க. ஒரு பத்து தடவை. அது வந்து நிக்கிற இடங்கள்ல எது நடுவுல இருந்து அதிக தூரம்னு பாருங்க. 0.06-ன்னு வெச்சுப்போம். அதுக்கு மேல ஒரு சிட்டிகை சேர்த்து 0.08 வைக்கலாம்.

இங்கதான் பலர் மாட்டிக்கிறாங்க. ஸ்டீம்ல 0.08 வெச்சாச்சு, ஆனா கேமுக்குள்ள 0.25 அப்படியே இருக்கு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா வேலை செய்யும். கணக்கு சின்னதுதான்:

```
out = (r - d) / (1 - d)
```

ஸ்டிக்கை 0.30 வரைக்கும் தள்ளுறீங்க. d = 0.08-ன்னா ஸ்டீம் வெளியே அனுப்புறது சுமார் 0.24. கேம் அதை 0.25-க்குக் கீழேன்னு பார்த்துட்டுத் தூக்கிப் போட்டுடும். முப்பது சதவீதம் தள்ளியும் குறி அசையல! அதனால ஒரு இடத்துல மட்டும் டெட் ஸோன் வைங்க. கேம்ல பூஜ்யமாக்க முடிஞ்சா அங்க பூஜ்யம், ஸ்டீம்ல 0.08. கேம் விடலைன்னா ஸ்டீம்ல ஆன்டி டெட் ஸோன்னு ஒண்ணு இருக்கு. உங்க அசைவு கேமோட எல்லையைத் தாண்டின இடத்துல இருந்தே தொடங்குற மாதிரி அது பண்ணிடும். ரொம்ப ஏத்தினா லேசாத் தொட்டாலே குறி துள்ளும், அப்போ கொஞ்சம் இறக்கிடுங்க.

இவ்வளவு பண்ணினாலும் கட்டைவிரலுக்கு ஒரு எல்லை இருக்கு. ஸ்டிக் சொல்றது "எவ்வளவு வேகமாத் திரும்பணும்"னு. குறியை நிறுத்த வேண்டிய இடத்துல விரலைத் திரும்ப நடுவுக்குக் கொண்டு வரணும். ஜைரோ அப்படி இல்ல. கன்ட்ரோலரை நீங்க எவ்வளவு திருப்புறீங்களோ அவ்வளவுதான் குறி போகும், நிறுத்தினா நிக்கும். மவுஸ் மாதிரி. டூயல்சென்ஸ், டூயல்ஷாக் 4, ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலர் எல்லாத்துலயும் ஜைரோ இருக்கு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்ட்ரோலர்ல இல்ல, அது எனக்கு இன்னிக்கும் புரியாத முடிவு.

பிசியில ஜைரோவை மவுஸா அனுப்புங்க, ஜாய்ஸ்டிக்கா வேண்டாம். ஜாய்ஸ்டிக்கா அனுப்பினா மேல சொன்ன அதே டெட் ஸோன் மணிக்கட்டோட நுண்ணிய அசைவையெல்லாம் விழுங்கிடும். சென்சிட்டிவிட்டி 1-ன்னா, கன்ட்ரோலரை 10 டிகிரி திருப்பினா கேம்லயும் 10 டிகிரி. 3-ன்னா 30. அந்த எண் சரியா வர, ஒரு முழுச் சுத்துக்கு கேம் எவ்வளவு மவுஸ் அசைவு கேக்குதுன்னு முதல்ல ஸ்டீம்கிட்ட அளந்து சொல்லணும். என் கருத்து, 2 இல்லன்னா 3-ல தொடங்குங்க. எல்2 பிடிச்சா மட்டும் ஜைரோ வேலை செய்யட்டும். பெரிய திருப்பத்தை ஸ்டிக் பார்த்துக்கும், கடைசி ரெண்டு டிகிரியை மணிக்கட்டு பார்த்துக்கும்.

குறி தானா நகர்ந்தா, ஸ்டிக்கா ஜைரோவான்னு குழம்ப வேண்டாம். கன்ட்ரோலரை மேசை மேல வெச்சு ஜைரோவை அணைச்சுப் பாருங்க. அப்பவும் நகர்ந்தா ஸ்டிக், 0.08-ஐ 0.10 ஆக்குங்க. நின்னுட்டா ஜைரோ. மேசை மேலயே வெச்சு கேலிபரேட் பண்ணுங்க, கையில பிடிச்சுட்டு இல்ல. ஜைரோவுக்கும் பெரிய டெட் ஸோன் வெச்சு இதை மறைச்சா, மெதுவான திருத்தம் திரும்பவும் செத்துப் போயிடும்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. சில கேம்கள் மவுஸையும் கன்ட்ரோலரையும் ஒரே நேரத்துல ஏத்துக்காது. திரையில பட்டன் படம் கீபோர்டுக்கும் கன்ட்ரோலருக்கும் மாறி மாறித் துடிக்கும், சில இடத்துல எய்ம் அசிஸ்டும் போயிடும். அங்க வேற வழியில்ல, ஜைரோவை ஜாய்ஸ்டிக்கா மாத்தி ஆன்டி டெட் ஸோனைச் சேர்த்துக்கணும். மவுஸ் அளவுக்கு வராது, ஆனா வெறும் ஸ்டிக்கை விட நல்லாவே இருக்கும். ஃப்ளிக் ஸ்டிக் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதுக்குத் தனி எபிசோடே வேணும்.