பழைய வினாத்தாளை எண்ணிப் பார்த்தீங்களா?

குரூப் 4 தேர்வுக்குத் திருப்புதல் செய்யும்போது எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது? அதைப் பழைய தாள்களே சொல்லும்.

2016 முதல் 2025 வரை பத்து வருஷத்தில் இந்தத் தேர்வு நடந்தது ஆறு முறைதான்: 2016, 2018, 2019, 2022, 2024, 2025. ஒரு நோட்டில் பாடத்துக்கு ஒரு வரி, தாளுக்கு ஒரு கட்டம் போடுங்க. 25 கேள்விகள் கொண்ட கணக்குப் பகுதியில் ஆரம்பிக்கலாம்.

மொத்தத்தை மட்டும் பார்த்து ஏமாந்துடாதீங்க. உதாரணத்துக்கு, தனிவட்டியில் ஆறு தாளிலும் இரண்டிரண்டாக 12 கேள்வி. அளவியலில் இரண்டே தாளில் ஆறாறாக 12 கேள்வி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒன்றுதான். ஆனால் அடுத்த தாளிலும் வரும் என்று நம்பக்கூடியது தனிவட்டி. அதனால் எத்தனை தாளில் வந்தது என்பதை முதலில் பாருங்க. அது சமமாக இருந்தால் மட்டும் மொத்தத்தைப் பாருங்க.

எண்ணும் முன் இப்போதைய பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க. 2022 முதல் மொழிப் பகுதியின் 100 கேள்வியும் தமிழ்தான். அதற்கு முந்தைய ஆங்கிலப் பகுதியை எண்ண வேண்டாம். பாடத்திட்டத்தில் இல்லாததை அடித்துவிடுங்க. புதிதாகச் சேர்ந்த பாடத்துக்குப் பூஜ்யம்தான் வரும். கேட்க மாட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதைப் பட்டியலின் நடுவில் வைத்துப் படியுங்க.