ஈரோடு மஞ்சளுக்கு எத்தனை கான்ட்ராக்ட்?

இன்னைக்கு ஒரே ஒரு கணக்கு.

ஈரோட்டுல ஒரு வியாபாரிகிட்ட 40 டன் மஞ்சள் இருப்பு இருக்குன்னு வெச்சுக்குவோம். மூணு மாசம் கழிச்சுதான் விற்பார். அதுக்குள்ள விலை விழுந்துடுமோன்னு பயம். என்சிடிஇஎக்ஸ்ல மஞ்சள் கான்ட்ராக்ட் ஒண்ணு 5 டன். அதனால 8 கான்ட்ராக்ட்டை இப்பவே வித்து வைக்கிறார்.

உதாரணத்துக்கு, இன்னைக்கு ஈரோட்டுல குவிண்டால் 13,000 ரூபாய், ஃப்யூச்சர்ஸ்ல 14,000. மூணு மாசத்துல ஈரோடு 11,000, ஃப்யூச்சர்ஸ் 12,500. சரக்குல 2,000 நஷ்டம், ஃப்யூச்சர்ஸ்ல 1,500 லாபம். மீதி 500 எங்க போச்சு?

அந்த கான்ட்ராக்ட்டோட அடிப்படை நிஜாமாபாத் சரக்கு. ஈரோடு விலைக்கும் அதுக்கும் இருந்த இடைவெளி 1,000-லிருந்து 1,500 ஆயிடுச்சு. இதுதான் பேசிஸ் ரிஸ்க். 400 குவிண்டாலுக்கு 2 லட்சம் அடி. ஹெட்ஜ் பண்ணாம இருந்தா 8 லட்சம்.

சரி, எண்ணிக்கை 8-தானா? பழைய விலை மாற்றங்களைப் பாருங்க. ஃப்யூச்சர்ஸ் 100 ரூபாய் நகரும்போது ஈரோடு சராசரியா 80 நகர்ந்திருந்தா, 40 × 0.8 ÷ 5 = 6.4. அப்போ 6 போதும். ஆனா இந்த 0.8 பழைய கதை. நம்ம உதாரணத்துல ஈரோடுதான் அதிகமா விழுந்துச்சு. அங்க 6 வித்திருந்தா நஷ்டம் இன்னும் கூடியிருக்கும்.