முக்காமல் மலம் கழிப்பது

(கிளப் ஹவுஸில் நடந்த மூத்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

"எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் சார்?" என்று செயலாளர் கேட்டார். "மலம் கழிப்பதைப் பற்றி" என்றேன். உடனே, போண்டாவைப் பேச்சு முடிந்த பிறகு கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

நான் டாக்டர் இல்லை. 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்த பி.காம்.காரன். போன வருடம் ஒரு காலையில், டாய்லெட்டில் மூச்சைப் பிடித்து முக்கிக்கொண்டிருந்தபோது கண் இருட்டி விழுந்தேன். கதவு உள்பக்கம் தாழ். என் மனைவி தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் நம் செக்யூரிட்டி தம்பிதான் தாழ்ப்பாளை உடைத்தார். நெற்றியில் 4 தையல்.

இ.சி.ஜி. எல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் கோளாறு இல்லை என்றார். மூச்சை அடக்கி முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. அப்போது மூளைக்குப் போகும் ரத்தமும் குறைந்து மயக்கம் வரலாம். அவர் என்னை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "எப்படி முக்குவீர்கள், காட்டுங்கள் சார்" என்றார். வெட்கத்தை விட்டுக் காட்டினேன். வாயை இறுக்கி, மூச்சை அடக்கி, வயிற்றை உள்ளே இழுத்தேன். "கதவைச் சாத்திக்கொண்டு தள்ளுகிறீர்கள்" என்றார்.

விஷயம் இதுதான். மலக்குடலின் கடைசிப் பகுதியை ஒரு தசை, தூளி போலச் சுற்றி முன்பக்கம் இழுத்து வளைத்து வைத்திருக்கிறது. தோட்டத்து ரப்பர் குழாயை மடித்துப் பிடித்தால் தண்ணீர் நிற்குமே, அதுபோல. அந்தத் தசை தளர்ந்தால்தான் மடிப்பு நிமிரும். மூச்சை அடக்கி முக்கும்போது நம்மில் பலர் தெரியாமலே அந்தத் தசையையும் இறுக்கிவிடுகிறோம்.

முதலில் உட்காரும் விதம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் 6 முதல் 8 அங்குல உயரத்தில் ஆடாத ஒரு சின்ன ஸ்டூல் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். முதுகை வளைக்காமல் முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றுங்கள். முழங்கால் ஆபரேஷன் செய்தவர்கள் ஸ்டூலுக்கு முன் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

அடுத்தது மூச்சு. ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூக்கால் மெதுவாக இழுக்கும்போது வயிற்றுக் கைதான் வெளியே வர வேண்டும், நெஞ்சு அதிகம் எழும்பக் கூடாது. உதரவிதானம் கீழே இறங்கும்போது அடித்தளத் தசையும் சேர்ந்து தளர்ந்து இறங்குகிறது. ஐந்தாறு மூச்சு இப்படி விடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இரண்டு கைகளையும் இடுப்பின் பக்கவாட்டில் வைத்து லேசாக இருமிப் பாருங்கள். விலாவுக்குக் கீழே தசை வெளிப்பக்கமாகக் கையைத் தள்ளும். இருமாமலே அந்த அகலத்தைக் கொண்டுவந்து அப்படியே வைத்திருக்க வேண்டும். வயிறு கல்லாக வேண்டாம், பாதி பலம் போதும். தாடையைத் தளர்த்தி, "ஸ்ஸ்ஸ்" என்று மெதுவாகக் காற்றை விட்டுக்கொண்டே, ஆசனவாயைக் கீழ்நோக்கித் திறக்க விடுங்கள். நாலைந்து வினாடி செய்தபின் தளர்த்தி, இரண்டு மூச்சு விட்டு மறுபடி. முதலில் உடையோடு நாற்காலியில் பழகுங்கள்; நான் சீரியல் நேரத்தில் பழகினேன்.

தப்பாகச் செய்கிறோமா என்று தெரிந்துகொள்ள, தள்ளும்போதே "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ண முடியவில்லை என்றால் மூச்சை அடக்கிவிட்டீர்கள். வயிறு உள்ளே போனாலும், பின்பக்கம் சுருங்கினாலும் தப்புதான். எனக்கு நோட்டு எண்ணிய பழக்கம் இங்கே உதவியது!

பத்து நிமிடத்தில் வரவில்லையா, எழுந்துவிடுங்கள். செய்தித்தாள், செல்போன் உள்ளே வேண்டாம். காலை டிபனுக்குப் பிறகு குடல் தானாகவே அசையும், அந்த உந்துதல் வரும்போது போனால் பாதி வேலை முடிந்தது.

மலம் கல் போல இருந்தால் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. தண்ணீர், கீரை, பழம் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதனாலும் இறுகலாம். ரத்தம் போனால், எடை குறைந்தால், நம் வயதில் போக்கு திடீரென மாறினால், பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

நான் இரண்டாவது வாரத்திலிருந்து முக்குவதில்லை. புதுத் தாழ்ப்பாள் மாட்டியாகிவிட்டது; ஆனால் அதைப் போடுவதில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தானே.