“நல்லதுக்குத்தானே சொல்றேன்!”
(நமது அறக்கட்டளையின் குடும்ப ஆலோசனைக் குழு சார்பில், மாதாந்திரப் பெண்கள்–ஆண்கள் கூட்டமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்களிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பெரிய சண்டையோடு வருவதில்லை. “அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார், சம்பாத்தியத்தை அப்படியே வீட்டில் கொடுப்பார். ஆனால் நான் எதைச் செய்தாலும் ஒரு குறை சொல்வார்” என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் சகோதரிகள் உண்டு. ‘இதற்குப் போய் ஜமாஅத்தில் பேசுவார்களா’ என்ற வெட்கம் அவர்களுக்கு. சின்னச் சின்ன வார்த்தைகள்தாம். ஆனால் நாள் முழுதும் விழுந்தால் மனம் மரத்துப் போகிறது. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறோம். இருவரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறோம். கணவர் மதுரையில் ஒரு உதிரிபாகக் கடையில் கணக்குப் பார்க்கிறவர். ஓர் எண் தவறினால் கைக்காசு போகும் வேலை. மணமாகி 12 ஆண்டுகள், இரண்டு பிள்ளைகள். கொடியில் துண்டு கோணலாகக் கிடந்தால் சொல்வார். கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தால் சொல்வார். மனைவி மடித்து வைத்த துணியை இரவில் எடுத்து, பேசாமல் மறுபடி மடிப்பார். கேட்டால், “நல்லதுக்குத்தானே சொல்றேன்!”

அந்தச் சகோதரி முதலில் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிப் பார்த்தார். அது வாக்குவாதமானது. பிறகு வாயை மூடிக்கொண்டார். அவர் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று கணவர் எடுத்துக்கொண்டார். கடைசியில் “இனி எல்லாத்தையும் நீங்களே செய்ங்க” என்று சமையலறையை விட்டு வெளியே வந்தார். அன்றுதான் இருவரும் எங்களிடம் வந்தார்கள்.

நாங்கள் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: ஒரே ஒரு நாள், கேட்ட குறைகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பதில் சொல்ல வேண்டாம், எழுதினால் போதும். அன்று 11 வந்தன. இருவரையும் உட்கார வைத்து, அவற்றைப் பிரிக்கச் சொன்னோம். சமைத்து முடித்தும் சிலிண்டரை மூடாதது, மகனின் மருந்து ஒரு வேளை தவறியது ஆகிய இரண்டும் அவசியமானவை. பால் பாக்கெட் யார் வாங்குவது போன்ற மூன்று, பேசி முடிவு செய்ய வேண்டியவை. மீதி ஆறும் துண்டு, கரண்டி, டப்பா மூடி ரகம். அவருடைய விருப்பம் மட்டுமே. அவரே எண்ணிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. சிலிண்டரையும் துண்டையும் ஒரே குரலில் சொன்னதால், சிலிண்டர் பற்றிச் சொன்னது மனைவியின் காதில் விழாமலே போயிருந்தது.

ஏன் இப்படிச் சொல்கிறார்கள்? கனடாவின் உளவியலாளர்கள் பால் ஹெவிட், கார்டன் பிளெட் இருவரும் 1991-இல் ‘எல்லாம் பிசகின்றி இருக்க வேண்டும்’ என்ற குணத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: தன்னிடமே அதை எதிர்பார்ப்பது, அடுத்தவரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாக எண்ணி வாழ்வது. நம் சகோதரரிடம் மூன்றும் இருந்தன. சிறுவயதில் சோற்றில் ஒரு கல் கிடந்தாலும் அவருடைய அத்தா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாராம். எல்லாம் சரியாக இருந்தால்தான் வீடு அமைதியாக இருக்கும் என்று அன்று படிந்தது. துண்டு கோணலானால் அவருக்குள் எழுவது கோபமில்லை, பதற்றம். இது புரிந்தால் மனைவிக்குப் பாதி வலி குறையும். ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் குறை சொல்வது நியாயமாகிவிடாது.

அடுத்து என்ன செய்தார்கள்? வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு 20 நிமிடம் ஒதுக்கினார்கள். குறை விழும் அந்த நொடியில் பேசினால் இருவருக்கும் சூடுதான் ஏறும். சகோதரி சொன்னது இவ்வளவுதான்: “சிலிண்டர் விஷயம் நீங்க சொன்னது சரிங்க. இனி மூடிடுறேன். துணி காயப்போடுறது என் வேலை, அது என் விதத்துல இருக்கட்டும். வேற மாதிரி வேணும்னா அந்த வேலையை நீங்க எடுத்துக்கங்க.” முதலில் நியாயமானதை ஒப்புக்கொண்டார்; பிறகு எல்லையைச் சொன்னார். கோபத்தில் எல்லாவற்றையும் தூக்கிப் போடுவது வேறு, ஒரு வேலையை முறையாக ஒப்படைப்பது வேறு.

இரண்டு விதிகள் வைத்துக்கொண்டார்கள். வேலை யாருடையதோ விதமும் அவருடையது. ஒருவர் செய்து முடித்ததை மற்றவர் திருப்பிச் செய்யக் கூடாது. குறை வரும்போது மனைவி குத்தலின்றிக் கேட்பார்: “இது அவசியமா, உங்க விருப்பமா?” விருப்பம் என்றால், “சரி, கேட்டுக்கிட்டேன்” என்று தன் வேலையைத் தொடர்வார்.

முதல் வாரம் குறைகள் கூடின. இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள், பழகிய வழி அடைபடும்போது அப்படித்தான் முட்டும். பலர் இங்கேதான் ‘இது சரிப்படாது’ என்று விட்டுவிடுகிறார்கள். டிபன் பாக்ஸ் கட்டும் வேலையைக் கணவர் கேட்டு வாங்கிக்கொண்டார். காலை 7:10-க்குப் பள்ளி வேன் வாசலில் ஹாரன் அடிக்கும்போது டப்பா மூடி நேராக இருக்கிறதா என்று பார்க்க முடியாது என்பதை அவரே கண்டுகொண்டார். ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு நாள் எழுதியதில் நான்கு வந்தன. குறை முற்றாக நிற்கவில்லை; ஆனால் அந்தச் சகோதரி மறுபடி சமையலறையில் பயமில்லாமல் நிற்கிறார்.

குறை சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. “சிலிண்டரை மூடிடும்மா” என்பது கோரிக்கை. “எத்தனை தடவை சொன்னாலும் உனக்கு ஒருநாளும் ஏறாது” என்பது ஆளையே குறை சொல்வது. தம்பதிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் வலியுறுத்துவதும் இந்த வேறுபாட்டைத்தான். இது ஆண்களுக்கு மட்டுமானதும் அல்ல. மாட்டுத்தாவணியில் கணவர் வாங்கி வந்த கத்தரிக்காயை ஒவ்வொன்றாகப் புரட்டிக் குறை சொன்னால், அடுத்த வாரம் அவர் பையை எடுக்க மாட்டார்.

சிறுவயதிலிருந்து பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒரு முறைகூடத் தம்மை நோக்கி அவர்கள் ‘சீ’ என்று சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். சிறுவர் ஒருவர் பத்தாண்டுகளில் எத்தனை தவறு செய்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வழி எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. உளூவைத் திரும்பத் திரும்பச் செய்வது, பூட்டை மீண்டும் மீண்டும் இழுத்துப் பார்ப்பது, நிறுத்த நினைத்தும் முடியாமல் தவிப்பது என்றால் அது குணமல்ல, நோயாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். ‘இது அவசியமா’ என்று கேட்கவே பயமாக இருந்தால், பிள்ளைகள் முன் இழிவுபடுத்தினால், தாய்வீட்டோடு பேசவிடாமல் தடுத்தால், அது கொடுமை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லாலும் மனத்தளவிலும் செய்யும் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. அந்த நிலையில் நோட்டும் 20 நிமிடமும் போதாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள், எங்களிடமும் வாருங்கள்.

மற்ற வீடுகளில், நாளை ஒரு நாள் மட்டும் எழுதிப் பாருங்கள். கேட்டதை ஒருவர் எழுதட்டும், சொன்னதை மற்றவர் எழுதட்டும். வெள்ளிக்கிழமை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிரியுங்கள். நம் வீடுகளில் அல்லாஹ் அமைதியைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.